நான்கு தடவை படித்தும் எழுத வரவில்லை: கடிதம்

வணக்கம் சார்,

எனக்குத் தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. உயிரியல் பாடங்களை நான்கு நான்கு தடவை படித்துவிட்டேன், முக்கியமான வரிகளைக் கோடு போட்டும் வைத்திருக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது. ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்த்தால் பாதிகூட வருவதில்லை. மனசு விட்டுப் போய், பேசாமல் இன்னொரு தடவை படிப்போம் என்று திரும்பப் புத்தகத்துக்கே போய்விடுகிறேன். மிச்சம் இருக்கிற நாட்களில் எதைச் செய்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூடிவிட்டு எழுதுங்கள். பாதிதான் வருகிறது என்றாலும் அதைத்தான் செய்ய வேண்டும். நீங்கள் பயந்து விலகிப் போகிற அந்த அரைமணி நேரம்தான் உங்கள் படிப்பிலேயே அதிகம் பலன் தருகிற நேரம்.

செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த ஒரு சோதனை 2006இல் வெளியானது. சூரியனைப் பற்றி, கடல் நீர்நாயைப் பற்றி என்று சிறுசிறு கட்டுரைகளை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு அமர்வுகளிலும் கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு முதல் அமர்வில் மட்டும் படித்தது, மற்ற மூன்றிலும் கட்டுரையைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதியது. எழுதியது சரியா தப்பா என்றுகூட யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த குழுவுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிய குழுவுக்கு 71. அதோடு விட்டிருந்தால் படிப்பதே மேல் என்று முடிவுகட்டியிருப்போம். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் படித்த குழு 40க்கு இறங்கிவிட்டது, எழுதிய குழு 61இல் நின்றது. இத்தனைக்கும் படித்த குழு அந்தக் கட்டுரையைச் சராசரியாகப் பதினான்கு தடவை படித்திருந்தது, மற்றவர்கள் மூன்று நான்கு தடவைதான். ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது அதிக நம்பிக்கையோடு இருந்ததும் படித்த குழுதான்.

உங்களுக்கு வருகிற ‘தெரிந்த மாதிரி’ உணர்வும் இதே வகைதான். படிக்கும்போது அடுத்த வரி கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. ஏற்கெனவே பார்த்த வரி என்பதால் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது, அந்த ஓட்டத்தைத்தான் நாம் அறிவு என்று எடுத்துக்கொள்கிறோம். தேர்வில் கேள்வி மட்டும்தான் இருக்கும், பதிலை உள்ளே தேடி எடுக்க வேண்டும். படித்துக்கொண்டே இருந்தால் அந்தத் தேடலுக்குப் பழக்கமே கிடைப்பதில்லை. கோடு போட்ட வரிகளை மட்டும் பார்த்துக்கொண்டு போவதும் அப்படித்தான்.

சரி, எழுதுவது என்றால் எப்படி? உங்கள் உயிரியலிலிருந்தே சிறுநீர் உருவாகும் விதத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு முறை நிதானமாக, புரிந்து படியுங்கள். அன்றைக்கே எழுதிப் பார்க்க வேண்டாம், படித்த சூட்டில் எழுதினால் எல்லாம் வருவது போலத்தான் இருக்கும். மறுநாள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ‘இரத்தம் கிளாமருலஸுக்குள் வருவதிலிருந்து சிறுநீர் வெளியேறுவது வரை’ என்று மேலே ஒரு வரி மட்டும் எழுதிவிட்டு, படமும் போட்டு, தெரிந்ததை எழுதிக்கொண்டே போங்கள். பெரும்பாலும் இப்படித்தான் வரும்: கிளாமருலஸில் வடிகட்டுதல் வந்துவிடும், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிகிறது என்பதும் வரும், ஹென்லே வளைவின் படமும் வரும். அப்புறம் ஹார்மோன்களில் தடுமாறும். ‘ஆல்டோஸ்டீரோன் சேகரிப்பு நாளத்தில் நீரை உறிஞ்ச வைக்கிறது’ என்று எழுதியிருப்பீர்கள். அந்த இடத்தில் உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள், இன்னும் ஒரு நிமிடம் முட்டிப் பாருங்கள். பிறகு திறந்து, சிவப்புப் பேனாவால் திருத்துங்கள்: சேகரிப்பு நாளத்தின் சுவரில் நீர் புக வழிவிடுவது ஏடிஎச், ஆல்டோஸ்டீரோன் சோடியத்தை மீட்கிறது, நீர் அதன் பின்னால் போகிறது.

இந்தக் குழப்பம் நான்கு தடவை படித்தபோதும் உங்களுக்குள் இருந்திருக்கும். இரண்டு ஹார்மோன்களுமே ‘நீர் மீட்பு’ என்ற சொல்லோடு வருவதால் படிக்கும்போது கண் அதைத் தாண்டிப் போய்விடும். தாளில் எழுதினால்தான் அது அகப்படும். அடுத்து நீங்கள் படிக்க வேண்டியது சிவப்பு விழுந்த அந்த நான்கைந்து இடங்களை மட்டும்தான், முழுப் பாடத்தையும் அல்ல.

அந்தச் சோதனையில் திருத்தம் இல்லாமலே பலன் கிடைத்ததே, பின் எதற்குத் திருத்துவது என்று கேட்கலாம். அங்கே கட்டுரை எளிது, எழுதியவர்களுக்கு நிறையவே நினைவு வந்தது. உங்கள் பாடத்தில் பாதி வராத நிலையில் திருத்தாமல் விட்டால், வராதது வராமலே நிற்கும், தப்பாக எழுதியதே மனதில் பதியவும் கூடும்.

அடுத்தது இடைவெளி. ஒரே பாடத்தை ஒரே நாளில் மூன்று தடவை எழுதிப் பார்ப்பதைவிட, அதே மூன்று தடவையைத் தள்ளித் தள்ளி வைப்பது நல்லது. செபேடாவும் அவருடன் சேர்ந்தவர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் 1,350க்கும் அதிகமானவர்களுக்குச் சில தகவல்களைக் கற்பித்து, வெவ்வேறு இடைவெளியில் ஒரே ஒரு முறை மீள்பார்வை செய்யவைத்தார்கள். மீள்பார்வைக்குப் பிறகு 7 நாளில் சோதனை என்றால் ஏறக்குறைய ஒரு நாள் இடைவெளி போதுமானதாக இருந்தது. 35 நாளில் சோதனை என்றால் பதினோரு நாள் அளவிலான இடைவெளிதான் நன்றாக வேலை செய்தது. தேர்வு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதற்கேற்ப இடைவெளியும் கூடுகிறது.

உங்களால் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை திரும்பி வர முடியும். அதனால் ஒரு பாடத்துக்கு நான் சொல்வது இது: படித்த மறுநாள் ஒரு தடவை, அதிலிருந்து ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, அதற்குப் பின் இரண்டு வாரம் தள்ளி ஒரு தடவை. இந்த எண்கள் வேதவாக்கு இல்லை, இரண்டு மூன்று நாள் முன்னே பின்னே ஆனால் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு தடவையும் ஆரம்பம் வெள்ளைத்தாள்தான். இரண்டாவது தடவை உட்காரும்போது பாதி மறந்த மாதிரி இருக்கும், அதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் முறையையே கைவிடுகிறார்கள். கொஞ்சம் மறந்த பிறகு முட்டி மோதி எடுப்பதில்தான் பலன் இருக்கிறது. ஆனால் தாளில் தலைப்பைத் தவிர ஒன்றுமே வரவில்லை என்றால் இடைவெளி ரொம்ப நீண்டுவிட்டது, அல்லது முதலில் பாடமே புரியவில்லை. அப்போது தயங்காமல் திரும்பப் படியுங்கள், அந்தப் பாடத்துக்கு மறுநாளே மறுபடி தாளை எடுங்கள்.

கணக்குப் பாடமும் இருந்தால், விடையோடு இருக்கும் கணக்கைப் படித்துப் புரிந்துகொள்வதும் மறுவாசிப்புதான். விடையை மறைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

தேர்வுக்கு முந்தைய இரவில் மட்டும் தாராளமாகப் படியுங்கள். உடனே வரப்போகிற சோதனைக்கு மறுவாசிப்பு கைகொடுக்கும் என்பதை அந்த 83க்கு 71 காட்டுகிறது. ஆனால் அதற்கும் முழுப் புத்தகத்தை எடுக்க வேண்டாம், ஐந்து வாரமாகச் சேர்ந்திருக்கும் தாள்களில் சிவப்பு விழுந்த இடங்களைப் புரட்டினால் போதும்.