ஷூ கடித்த நகமா, கறுப்புக் கோடா?

“ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் புது ஷூ போட்டு ஓடினேன், பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. இரத்தக்கட்டா, வேறு ஏதாவதா?”

பெரும்பாலும் இரத்தக்கட்டுதான், ஆனால் நகம் வளர்வதைப் பார்த்தால்தான் உறுதி. கால் நகம் மாதத்துக்குச் சுமார் 1.5 மில்லிமீட்டர்தான் வளரும், அதனால் இன்றே ஒரு படம் எடுத்துவைத்து இரண்டு மாதம் கழித்து ஒப்பிடுங்கள்: இரத்தம் என்றால் கறை நுனிப் பக்கம் நகர்ந்து, நகம் முளைக்கும் அடிப்பக்கத்தில் சுத்தமான நகம் தெரியும். நிறமிக் கோடு நகராது. நகம் முளைக்கும் இடத்திலேயே நிறம் சேர்வதால் அடியிலிருந்து நுனிவரை நீளமாக ஓடும். நம் தோல் நிறத்துக்குப் பல நகங்களில் மெல்லிய கோடு சகஜம். ஆனால் ஒரே நகத்தில் புதிதாக வந்து அகலமானாலோ, பக்கத்துத் தோலும் கறுத்தாலோ இரண்டு மாதமெல்லாம் காத்திருக்காமல், அடிபட்டது நினைவிருந்தாலும் சரி, பாலிகிளினிக்கில் காட்டி நேஷனல் ஸ்கின் சென்டருக்குக் கடிதம் கேளுங்கள்.