மூன்று நாள் வராவிட்டால் வேலை போகும் என்று எழுதலாமா?

கேள்வி: யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் புடவைக்கடை வைத்திருக்கிறேன். மொத்தம் ஒன்பது பேர் வேலை. ஒரு பிள்ளையைச் சொந்தப் பிள்ளை மாதிரித்தான் வைத்திருந்தேன். ஒன்றரை வருடமாக வேலை செய்தவள், தீபாவளி யாவாரம் நெருங்கிய நேரம் ஆறு நாள் வரவில்லை. தம்பியிடம் ஒரு துண்டு மட்டும் கொடுத்துவிட்டாள். அஞ்சு மாதக் கர்ப்பிணியாம். கோபத்தில் “இனி வரவேண்டாம்” என்று போனில் சொல்லிவிட்டேன். இப்போது தொழில் திணைக்களத்தில் இருந்து கடிதம் வந்திருக்கிறது. இனி இப்படி நடக்காமல் லீவு விதி ஒன்று எழுத விரும்புகிறேன்: மூன்று நாள் சொல்லாமல் நின்றால் தானாக வேலை போகும், முதல் இரண்டு வருடம் பிரசவ லீவு இல்லை, சுகயீனத்துக்கு டொக்டர் துண்டு கட்டாயம். இது செல்லுமா?

பதில்: அவர் நன்றி மறந்தாரா, யாவார நேரத்தில் கைவிட்டாரா என்பதை விட்டுவிடுங்கள். சட்டம் பார்க்கப்போவது ஒன்றைத்தான். துண்டு அனுப்பியிருந்த ஒரு கர்ப்பிணியை நீங்களே போனில் நிறுத்தியிருக்கிறீர்கள். இன்று எழுதும் விதி அந்த நாளுக்குப் பின்னோக்கிச் செல்லாது. எனவே விதியை முதலில் பார்ப்போம், வழக்கைக் கடைசியில் பார்ப்போம்.

உங்கள் கடைக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தும். அது தரும் லீவைவிடக் குறைவாக நீங்கள் எழுதும் எந்த வரியும், ஊழியர் கையெழுத்து வைத்திருந்தாலும், செல்லாது. கூட்டிக் கொடுக்கலாம், குறைக்க முடியாது. ஆகவே இரண்டு வருட நிபந்தனையை இப்போதே வெட்டிவிடுங்கள். உயிருடன் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 84 நாள் பிரசவ லீவு உண்டு. இத்தனையாவது பிள்ளை என்ற பாகுபாட்டை 2018ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. இந்த 84 நாளில் வாராந்த விடுமுறை, போயா, சட்டபூர்வ விடுமுறை நாட்கள் சேராது. நாட்காட்டியில் எண்ணினால் மூன்றரை மாதம் அளவுக்குப் போகும். பல கடைக்காரர் பன்னிரண்டு கிழமை என்று தவறாக எண்ணி, அதற்குப் பிறகு வராத நாட்களுக்குச் சம்பளம் வெட்டி மாட்டிக்கொள்கிறார்கள். வருடாந்த லீவிலும் அமய லீவிலும் இதைக் கழிக்கவும் முடியாது.

சுகயீன லீவு என்று தனியாக ஒன்றை இந்தச் சட்டம் தரவில்லை. வருடத்துக்கு 7 நாள் அமய லீவு, அதற்குள்ளேயே சொந்த அலுவலும் சுகயீனமும் அடங்கும். முதல் வருடத்தில் இரண்டு மாதம் பூர்த்தியாக ஒரு நாள் என்ற கணக்கு. மே 10இல் சேர்ந்தவருக்கு டிசம்பர் முடிவதற்குள் 3 நாள் சேரும். 14 நாள் வருடாந்த லீவு இதற்கு வேறு. சேர்ந்த அடுத்த ஆண்டில் அது எத்தனை நாள் என்பது முதல் ஆண்டில் எந்த மாதம் சேர்ந்தார் என்பதைப் பொறுத்தது. மே மாதத்தில் சேர்ந்தவருக்கு 10 நாள்.

அமய லீவு முடிந்த பிறகும் நோய்க்கு நாட்கள் கொடுக்க விரும்பினால் உங்கள் விருப்பம். ஆனால் நியமனக் கடிதத்தில் எழுதிவிட்டால் அது வேலை நிபந்தனையாகிவிடும், யாவாரம் மந்தமானதும் நீங்களாகத் திரும்ப எடுக்க முடியாது. கொடுக்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள். துண்டு கேட்பதில் தவறில்லை, ஆனால் ஒரு நாள் காய்ச்சலுக்கும் கேட்டால் அந்த விதியை நீங்களே நாலு தரம் மீறுவீர்கள். பிறகு ஒருவருக்கு மட்டும் கடைப்பிடித்தால் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் என்று வையுங்கள். எந்தத் துண்டை ஏற்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள்: அரச வைத்தியசாலைக் கிளினிக் கொப்பி, விடுவிக்கும்போது தரும் டயக்னோசிஸ் காட், பதிவு பெற்ற தனியார் மருத்துவர். எங்கள் பக்கத்தில் முறிவுக்கும் வாதத்துக்கும் சித்த வைத்தியரிடம் போவோர் அதிகம். பதிவு பெற்ற சித்த வைத்தியரின் துண்டு செல்லுமா என்பதை இப்போதே தீர்மானித்து எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்த வாக்குவாதம் கல்லாவடியில் நடக்கும்.

தந்தைக்கான லீவைத் தனியார் கடைக்குச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. அரச ஊழியருக்கு மூன்று நாள் உண்டு. அதே அளவைக் கொடுத்து, பிறப்பிலிருந்து எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இனி நீங்கள் மிகவும் விரும்பும் அந்த ‘மூன்று நாள்’ விதி. முதலாளிமார் பெரும்பாலும் விழுவது இந்தக் குழியில்தான். ஒருவர் வேலையைக் கைவிட்டார் என்று காட்ட இரண்டும் வேண்டும்: வராமல் இருந்ததும், திரும்பி வரும் எண்ணமே இல்லாததும். வராததை வரவுப் புத்தகம் காட்டும். எண்ணத்தைக் காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? துண்டு கொடுத்தனுப்பியவருக்கு வரும் எண்ணம் இருந்தது என்றுதான் தொழில் நியாய சபை முடிவெடுக்கும். ‘தானாக வேலை போகும்’ என்ற வரி அந்த இரண்டாவது பாதியை நிரப்பாது. அதை நம்பிக் கடிதமே அனுப்பாமல் பேரை வெட்டியவர், அங்கே போய்ப் பணிநீக்கத்தை நியாயப்படுத்த வேண்டிய பொறுப்பைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார்.

அதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள். அறிவிக்காமல் மூன்று வேலை நாள் வராதவருக்கு, நியமனக் கடிதத்தில் உள்ள விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் தமிழில் கடிதம் போகும். இன்ன திகதிக்குள் வேலைக்கு வரவேண்டும் அல்லது காரணம் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கும். பதில் இல்லையேல் இரண்டாவது கடிதம். அதற்கும் பதில் இல்லாவிட்டால்தான் வேலையைக் கைவிட்டதாகக் கருதும் அறிவித்தல். தபாற் பற்றுச்சீட்டைக் கோப்பில் வையுங்கள். கடிதம் திரும்பி வந்தால் உறையை உடைக்காமல் அப்படியே வையுங்கள். இடையில் யாரும் போனில் ‘வரவேண்டாம்’ என்று சொல்லக்கூடாது. அந்த ஒரு குரற்பதிவு இரண்டு கடிதத்தையும் அழித்துவிடும்.

இப்போது உங்கள் வழக்கு. பதினைந்து பேருக்குக் குறைவு என்பதால் 1971ஆம் ஆண்டின் பணிநீக்கச் சட்டம் உங்களைப் பிடிக்காது. அதை நம்பி ஆறுதலடைய வேண்டாம். தொழில் நியாய சபைக்கு ஒருவர் மட்டும் வேலை செய்த கடையும் வரும். கர்ப்பத்தைக் காரணமாக வைத்து நிறுத்துவதைச் சட்டம் நேரடியாகத் தடுக்கிறது. காரணம் தீபாவளி யாவாரம் என்று நீங்கள் சொன்னாலும், திகதிகள் உங்களுக்குச் சாட்சி சொல்லாது. வழக்கு இழுபட இழுபட, திரும்ப வேலையும் பின்சம்பளமும் கேட்கும் தொகை வளரும்.

வாதாடாமல் தீருங்கள். இந்தக் கிழமையே கடிதம் அனுப்புங்கள்: போனில் சொன்னது பணிநீக்கம் அல்ல, இன்ன திகதிக்கு வேலைக்கு வரவும், துண்டு உள்ள ஆறு நாளும் அமய லீவில் கழிக்கப்படும். மாதம் 38,000 ரூபா சம்பளம் என்று வைத்தால், பிரசவ லீவுக்கு ஏறத்தாழ 1,33,000 ரூபா போகும். அது எப்படியும் நீங்கள் கொடுக்க வேண்டிய காசு, இழப்பு என்று எண்ணாதீர்கள். அவர் வரமாட்டேன் என்றால், பிரசவ லீவுச் சம்பளத்துக்கு மேல் சில மாதச் சம்பளத்தைச் சேர்த்துப் பேசுங்கள். தொழில் உத்தியோகத்தர் முன்னால் எழுதிக் கையெழுத்து வையுங்கள். சேமலாப நிதி நிலுவை இருந்தால் அதை இந்தத் தொகைக்குள் அடக்க வேண்டாம், தனியாகக் கட்டிப் பற்றுச்சீட்டு எடுங்கள். அதை விட்டுக்கொடுப்பதாக அவர் எழுதித் தந்தாலும் செல்லாது. விசாரணைக்குப் போகும்போது ஒன்பது பேருடைய கொடுப்பனவுப் பதிவுகளையும் கையோடு கொண்டு போங்கள், அதையும் கேட்பார்கள்.