30 நொடி அறிமுக வீடியோ ஸ்கிரிப்ட்டில் எதை வெட்டுவது, எதை வைப்பது?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஓர் ஆர்த்தடாக்ஸ் தேயிலை ஃபாக்டரியில் வாட்டும் பிரிவு சூப்பர்வைசராக இருக்கிறேன். புரொஃபைல் பக்கத்துக்கு 30 நொடி அறிமுக வீடியோ எடுக்கணும். "வணக்கம், என் பெயர் இது. நான் நீலகிரி மாவட்டம் கோத்தகிரியில் பிறந்து வளர்ந்தவள். பி.எஸ்சி. வேதியியல் படித்திருக்கிறேன்" என்று தொடங்கி, அனுபவம், கடின உழைப்பு, இரவு ஷிஃப்டில் நாலு பேருக்கு வேலை கற்றுக்கொடுத்தது எல்லாம் சொன்னால் 50 நொடி ஓடுகிறது. குவாலிட்டி வேலைக்கு மாறணும், நீலகிரிக்குள்ளேயே. எதை வெட்டுவது?

பதில்:

முதல் மூன்று வாக்கியங்களையும் வெட்டிவிடுங்கள். நான் குன்னூரில் தேயிலைத் தொழிலில் ஆள் எடுக்கும் பக்கம் இருப்பவன். உங்கள் வீடியோவைத் திறக்கும்போது உங்கள் பெயர், ஊர், படிப்பு மூன்றும் அதே பக்கத்தில் எழுத்தில் என் கண்ணுக்கு முன்னால் இருக்கும். படித்து முடித்ததையே நீங்கள் மறுபடி சொல்லும்போது என் விரல் அடுத்த ஆளிடம் போய்விடும். அந்த மூன்று வாக்கியங்கள் எவ்வளவு நேரத்தைத் தின்கின்றன என்று பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

அதைக் கணக்குப் போட ஒரு சுலபமான வழி உண்டு. புள்ளி வைத்த எழுத்துகளையும் ஆய்தத்தையும் விட்டுவிட்டு மற்ற எழுத்துகளை எண்ணுங்கள். கட்டளைக் கலித்துறைப் பாட்டில் ஒற்றெழுத்தை நீக்கி எழுத்து எண்ணுகிறார்களே, அதே கணக்குதான். வாய்க்கு நேரம் பிடிப்பது பெரும்பாலும் உயிரும் உயிர்மெய்யும்தான். கேமரா முன்னால் நிதானமாகப் பேசுகிறவருக்கு நொடிக்கு ஐந்து எழுத்து என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் வேகம் தெரிய வேண்டுமானால், செய்தித்தாளில் ஒரு பத்தியை யாருக்கோ எடுத்துச் சொல்வது போல 30 நொடி வாசித்து எண்ணிப் பாருங்கள். இந்தக் கணக்கில் உங்கள் முதல் மூன்று வாக்கியம், பெயருக்கு மூன்று எழுத்து என்று வைத்தால், 42 எழுத்து. அதாவது எட்டு நொடிக்கு மேல். வீடியோவில் கால் பங்குக்கும் அதிகம் அங்கேயே போய்விடுகிறது.

சொற்களை எண்ணினால் என்ன என்று கேட்பீர்கள். எண்ணலாம், ஆனால் ஏமாந்துவிடுவோம். 30 நொடிக்கு 70, 75 சொல் என்று சொல்வதெல்லாம் ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கு. நம் சொற்கள் நீளம். "கற்றுக்கொடுத்திருக்கிறேன்" ஒரே சொல்தான், ஆனால் அதில் எட்டு எழுத்து. ஆங்கில மாதிரியை எடுத்து வரிக்கு வரி தமிழில் எழுதுபவர்கள் பலருக்கும் 45, 50 நொடி வருவது இதனால்தான். தமிழில் 45 முதல் 48 சொல் வரை வைத்தால் மூச்சு முட்டாமல் முடிக்கலாம்.

30 நொடி என்றால் 28-க்கு எழுதுங்கள். ரெக்கார்ட் பொத்தானை அழுத்திவிட்டுக் கேமராவைப் பார்க்க அரை நொடி, பேசி முடித்ததும் வாயை மூட அரை நொடி வேண்டும். பல இடங்களில் 30 ஆனதும் தானாகவே நின்றுவிடும். கடைசிச் சொல் பாதியில் அறுந்துபோன வீடியோக்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். அறுபடுவது பெரும்பாலும் என்ன வேலை வேண்டும் என்கிற இடம்தான். அது போனால் வீடியோ இருந்தும் பயனில்லை.

சரி, எதை வைப்பது? மூன்று விஷயம் போதும்: இப்போது கையில் இருக்கும் வேலை, அதில் நீங்கள் எடுக்கும் ஒரு முடிவு, அடுத்து வேண்டியது. இதில் நடுவில் இருப்பதுதான் உயிர். அதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

உங்கள் வேலையில் அந்த முடிவு எது என்று எனக்குத் தெரியும், எந்த ஃபாக்டரிக்காரருக்கும் தெரியும். தோட்டத்திலிருந்து வரும் பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து ஃபேன் காற்று விட்டு, 12 முதல் 18 மணி நேரம் வாட்டி, அதன் பிறகுதான் இலையை முறுக்கும் ரோலருக்குப் போக வேண்டும். வாட்டம் குறைந்தால் ரோலரில் இலை நசுங்கிச் சாறு வடிந்துவிடும். கூடினால் ஓரம் மொறுமொறுவென்று காய்ந்து, முறுக்கேறாமல் நொறுங்கிவிடும். மழை நாளில் இலையே நனைந்து வரும், காற்றிலும் ஈரம், ஃபேன் மட்டும் போதாது. சூடான காற்றைக் கலக்க வேண்டும். எப்போது, எந்தத் தொட்டிக்கு என்பதை ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். ஒரு பிடி இலையை எடுத்து அழுத்துகிறார். கையைத் திறந்தால் இலை உருண்டையாக நிற்கிறது, காம்பு ஒடியாமல் வளைகிறது, அப்போது சரி. அந்த ஒருவர் நீங்கள். இதை விட்டுவிட்டுக் "கடின உழைப்பாளி" என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது! கடின உழைப்பாளி என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இலையைப் பிடித்து வாட்டம் சொல்வது எல்லாருக்கும் கைவராது.

உங்களுக்காக எழுதிப் பார்த்தேன்:

"கோத்தகிரிப் பக்கம் ஆர்த்தடாக்ஸ் தேயிலை ஃபாக்டரி ஒன்றில் வாட்டும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மழைக்காலத்தில் ஈரத்தோடு வரும் இலைதான் பெரிய சோதனை. இலையைக் கையில் பிடித்துப் பார்த்து, எந்தத் தொட்டிக்கு எப்போது சூடான காற்று விடுவது என்று முடிவு செய்வேன். இரவு ஷிஃப்டுக்குப் புதிதாக வந்த நான்கு பேருக்கு இதைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அடுத்து தரக்கட்டுப்பாட்டு வேலை தேடுகிறேன். நீலகிரிக்குள் எங்கே என்றாலும் வருவேன். என் பெயர் ______."

எண்ணிப் பார்த்தால் 47 சொல், பெயருக்கு மூன்று எழுத்து சேர்த்து 142 எழுத்து. ஐந்தால் வகுத்தால் 28 நொடி சொச்சம். நடு வாக்கியம் மட்டும் 34 எழுத்து, ஏறக்குறைய ஏழு நொடி. அதைவிட நீளமாக ஒரு வாக்கியம் போனால் ஒரே மூச்சில் வராது. நடுவில் மூச்சு வாங்கும்போது "ம்ம்" விழும். உங்கள் பெயர் நீளமானால் "பெரிய" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், மூன்று எழுத்து மிச்சம்.

பெயரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. தொடக்கத்தில் சொல்லும் பெயர் யாருடையது என்று கேட்பவருக்குத் தெரியாது, மனதில் ஒட்டாது. இலையைப் பிடித்து வாட்டம் பார்க்கிற பெண் என்று தெரிந்த பிறகு வரும் பெயர் ஒட்டிக்கொள்ளும். "வணக்கம்" சொல்லாமல் தொடங்குவது மரியாதைக் குறைவாகப் பட்டால் சேர்த்துக்கொள்ளுங்கள், மூன்று எழுத்துதான். ஆனால் அது வேறெங்காவது மூன்று எழுத்தை வெட்டியபிறகு.

மழைக்காலம் என்று பொதுவாக விட்டதும் வேண்டுமென்றேதான். கூடலூர், பந்தலூர் பக்கத்தில் அது தென்மேற்குப் பருவம்; உங்கள் கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை. மாதம் சொன்னால் கேட்பவர் தன் ஊர் மழையோடு ஒப்பிட ஆரம்பித்துவிடுவார். சொல்லாவிட்டால் அவரவர் மழையை அவரவர் நினைத்துக்கொள்வார்கள்.

"என் மேற்பார்வையில் தரம் இத்தனை சதவீதம் உயர்ந்தது" என்று ஒரு வரி போட ஆசை வரும். கையில் பதிவேடு இல்லாமல் போடாதீர்கள். நேர்முகத்தில் நான் முதலில் கேட்பதே அதைத்தான்: எதை வைத்து அளந்தீர்கள், வாட்டத்தால் உயர்ந்ததா அல்லது அந்த மாதம் நல்ல இலை வந்ததா? நான்கு பேர் என்பது சின்ன எண்தான், ஆனால் யாரிடம் விசாரித்தாலும் நிற்கும். அதேபோல ஃபாக்டரியின் பெயர், இலை யாருக்குப் போகிறது, ஏலத்தில் என்ன விலை என்பதெல்லாம் வீடியோவில் வேண்டாம். அது உங்கள் முதலாளியின் விஷயம். அதைச் சொல்பவரை எடுத்தால் நாளைக்கு எங்கள் விஷயத்தையும் சொல்வார் என்றுதான் எங்களுக்குத் தோன்றும்.

மேலே நான் எழுதியிருப்பது எழுத்துத் தமிழ். அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பித்தால் பள்ளி ஆண்டு விழாப் பேச்சு போல இருக்கும். உங்கள் வாயில் எப்படி வருகிறதோ அப்படி மாற்றுங்கள்: "பார்த்துக்கறேன்", "கத்துக்கொடுத்திருக்கேன்". எழுத்து கொஞ்சம் குறையும், அந்த மிச்சம் வாக்கியங்களுக்கு நடுவில் நிறுத்த உதவும். ஒன்று மட்டும் கவனியுங்கள், பாதி பேச்சுத் தமிழ், பாதி எழுத்துத் தமிழ் என்று கலக்கக் கூடாது. தாளைப் பார்த்துப் படித்தால் கண் ஓடுவது தெரியும். அதனால் ஈரம், கை, நாலு பேர், தரம் என்று நான்கு சொல்லைப் பெரிதாக எழுதி கேமராவுக்கு ஒட்டி மேலே வையுங்கள். மற்றது தானாக வரும், நீங்கள் தினமும் செய்கிற வேலைதானே.

வாட்டும் தொட்டிப் பக்கம் நின்று எடுக்க வேண்டாம். பின்னணி அழகாக இருக்கும், ஆனால் ஃபேன் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்காது. தகரக் கூரை வீடு என்றால் மழை நேரமும் ஆகாது. பகலில் ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். வெளியே மூடுபனி இருந்தால் இன்னும் நல்லது, வெளிச்சம் முகத்தில் சமமாக விழும். வாட்டிய இலை ஒரு பிடி எடுத்துவரக் கேட்டு அனுமதி கிடைத்தால், மூன்றாவது வாக்கியத்தில் கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கித் திறந்து காட்டுங்கள். அங்கே மட்டும்.

எடுத்து முடித்ததும் தேயிலைத் தொழிலே தெரியாத ஒருவரிடம் ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள். "இவர் என்ன வேலை செய்கிறார், என்ன வேலை தேடுகிறார்?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வந்தால் ஸ்கிரிப்ட் சரி. முதல் கேள்விக்கு "ஏதோ தேயிலை" என்று வந்தால் மூன்றாவது வாக்கியத்தை அவசரமாகப் பேசியிருக்கிறீர்கள். அப்புறம் சத்தத்தை அணைத்துவிட்டு நீங்களே பாருங்கள். ஆஃபீஸில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் பலர் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார்கள், அதனால் வாக்கியங்களைக் கீழே எழுத்தாகவும் ஓட விடுங்கள். "வாட்டும்" என்பதைத் தானியங்கி எழுத்து வேறு ஏதாவதாக மாற்றிவிடக்கூடும், கையால் திருத்துங்கள்.

கொச்சி, கொல்கத்தா கம்பெனிகளுக்கும் அனுப்பும் எண்ணம் இருந்தால் ஆங்கிலத்தில் தனியாக ஒன்று எடுங்கள். அதில் 65 முதல் 70 சொல் வரை இடம் இருக்கும். ஆனால் கூடுதலாகக் கிடைக்கும் சொற்களை நடு வாக்கியத்துக்கே கொடுங்கள், இலை உருண்டையாக நிற்பதையும் காம்பு வளைவதையும் சொல்ல அதில் இடம் வரும்.