ராஃப்ட் அடித்தளத்துக்கு மண் ஆலோசகரிடம் என்ன கேட்டு எழுதுவது? கேள்வி பதில்

கேள்வி: பத்து மாடி, ஒரு கீழ்த்தளம், ராஃப்ட் அடித்தளம். "தாங்குதிறனும் சப்கிரேட் மாடுலஸும் தருக" என்று மண் ஆலோசகருக்கு எழுதினேன். எங்கள் மூத்த பொறியாளர் கடிதத்தைத் திருப்பித் தந்துவிட்டார். என்ன விட்டுப்போனது, ஐயா?

பதில்: நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை. ராஃப்டின் நீள அகலம், அதன் அடிமட்டம் தரையிலிருந்து எவ்வளவு ஆழம், ஒவ்வொரு தூணிலும் சுவரிலும் இறங்கும் சுமை, அதில் நிரந்தரமாக நிற்பது எவ்வளவு, காற்றாலும் நிலநடுக்கத்தாலும் வந்து போவது எவ்வளவு என்பவை தெரியாமல் எந்த மண் ஆலோசகராலும் அமிழ்வைக் கணக்கிட முடியாது. அமிழ்வு தெரியாமல் சப்கிரேட் மாடுலஸ் என்ற எண்ணுக்குப் பொருளும் இல்லை. அது மண்ணின் சொந்தக் குணம் அன்று. அந்த மண்ணின் மேல் அந்த அளவுள்ள அடித்தளம், அந்தச் சுமையோடு அமரும்போது அழுத்தத்துக்கும் அமிழ்வுக்கும் இடையே கிடைக்கும் விகிதம் மட்டுமே.

உங்கள் ராஃப்ட் 18 மீட்டருக்கு 30 மீட்டர், ஆழம் 3.5 மீட்டர், சராசரி அழுத்தம் 150 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால், கடிதத்தின் முக்கியப் பத்தியை நான் இப்படி எழுதுவேன்:

"இணைத்துள்ள தூண் சுமைகளுக்கு, ராஃப்டின் நடுவிலும் விளிம்புகளின் நடுப்புள்ளிகளிலும் மூலைகளிலும் உடனடி அமிழ்வையும் நீண்டகால அமிழ்வையும் தனித்தனியே கணக்கிட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். அவற்றின் அடிப்படையில் ராஃப்டை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சப்கிரேட் மாடுலஸின் குறைந்த மதிப்பையும் கூடிய மதிப்பையும் பரிந்துரைக்கவும். எங்கள் கணக்கில் கிடைக்கும் தொடு அழுத்தங்களைத் தங்களுக்குத் திருப்பி அனுப்புவோம். இருவர் கணக்கிலும் அமிழ்வு ஒத்துவரும்வரை இதைத் தொடரலாம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று சுற்றுகளில் எண்கள் ஒத்துவந்துவிடும்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? தாங்குதிறனை 120-ஆல் பெருக்கினால் மாடுலஸ் வந்துவிடுமே. நாங்கள் எப்போதும் அப்படித்தான் செய்கிறோம்.

பதில்: அந்தச் சூத்திரம் உண்மையில் இருக்கிறது, அதற்குள் இருக்கும் அனுமானத்தைத்தான் நீங்கள் கவனிக்கவில்லை. பாதுகாப்புக் காரணி 3 என்றும், மண்ணின் உச்சத் தாங்குதிறன் எட்டப்படும்போது அமிழ்வு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் என்றும் கொண்டால்தான் 120 வரும். சிறிய தனித்த அடித்தளத்துக்கு, வேறு தகவல் இல்லாத முதற்கட்ட மதிப்பீட்டில், அது பயன்படும்.

மேலே சொன்ன ராஃப்டுக்குப் பொருத்திப் பாருங்கள். அனுமதிக்கப்பட்ட தாங்குதிறனும் 150 கிலோபாஸ்கல் என்றால், உங்கள் வழியில் கன மீட்டருக்கு 18,000 கிலோநியூட்டன் கிடைக்கும். ஆனால் மண் ஆலோசகர் நடுவில் 50 மில்லிமீட்டர், மூலையில் 20 மில்லிமீட்டர் அமிழ்வு என்று கணக்கிட்டால், 150-ஐ அந்த அமிழ்வுகளால் வகுக்க நடுவில் 3,000, மூலையில் 7,500 என்றாகிறது. கணினி மாதிரியில் மண்ணுக்குப் பதிலாக நடுவில் நீங்கள் வைத்த ஸ்பிரிங், உண்மையான மண்ணைவிட ஆறு மடங்கு விறைப்பானது.

இதைவிடக் கவலை தருவது, எல்லா இடத்திலும் ஒரே மதிப்பைக் கொடுப்பது. பரவலாக விழும் சுமையின் கீழ் ஒரே மாதிரியான ஸ்பிரிங்குகள் ஒரே அளவுதான் இறங்கும். கணினித் திரையில் ராஃப்ட் தட்டையாகவே தெரியும். மண்ணிலோ நடுப்பகுதி கூடுதலாக இறங்கி ராஃப்ட் கிண்ணம்போல் வளையும். அந்த வளைவுக்கு நடுவில் அடிப்பக்கக் கம்பி தேவை; ஒற்றை மதிப்பை வைத்த கணக்கில் அந்தத் தேவை தெரியவே தெரியாது.

கேள்வி: எங்கள் இடத்தில் 300 மில்லிமீட்டர் தட்டை வைத்துச் சோதனை செய்து 40,000 என்று கொடுத்துவிட்டார்கள். நேரடிச் சோதனை என்பதால் இதை நம்பலாம் அல்லவா?

பதில்: தட்டுக்கு அது உண்மை. அந்தத் தட்டின் அழுத்தம் ஏறத்தாழ அரை மீட்டர் ஆழம் வரைதான் உறைக்கும். 18 மீட்டர் அகல ராஃப்டின் அழுத்தமோ அகலத்தையும் தாண்டிக் கீழே போகும். எட்டு மீட்டர் ஆழத்தில் மென்களிமண் படுகை இருந்தால், தட்டுக்கு அது தெரியாது, ராஃப்டுக்குத் தெரியும். ஆகவே, அழுத்த உயர்வு பத்தில் ஒரு பங்குக்குக் கீழே குறையும் ஆழம் வரையாவது துளையிட வேண்டும் என்று கடிதத்தில் எழுதுங்கள்.

அளவுத் திருத்தச் சூத்திரங்களைப் போட்டால், மணலில் 40,000 ஏறத்தாழ 10,300 ஆகும். களிமண்ணில் 700-க்கும் கீழே போய்விடும். ஒரே சோதனை எண்ணிலிருந்து இவ்வளவு தொலைவான இரண்டு விடைகள் கிடைப்பதால், அவற்றில் எதையும் நான் வடிவமைப்புக்கு எடுப்பதில்லை.

கேள்வி: நான் மண் ஆலோசகர். நான் கொடுத்த மாடுலஸைப் போட்ட பிறகும், என் அறிக்கையில் இல்லாத அமிழ்வு வருகிறது என்று பொறியாளர் என்மேல் குறை சொல்கிறார். என் கணக்கில் தவறு இல்லை.

பதில்: இருவர் கணக்கும் தனித்தனியே சரியாக இருக்கலாம். 3.5 மீட்டர் மண்ணைத் தோண்டி எடுக்கும்போது, கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் எடை என்று கொண்டால், 63 கிலோபாஸ்கல் அழுத்தம் நீங்குகிறது. 150-இல் அதைக் கழித்து, மிஞ்சிய 87 என்ற நிகர அழுத்தத்துக்கு நீங்கள் 50 மில்லிமீட்டர் கணக்கிட்டு, 87-ஐ அதனால் வகுத்து 1,740 கொடுத்திருப்பீர்கள். அவருடைய கணினி மாதிரியில் ஏறுவதோ முழு 150. ஆகவே அவருக்கு 86 மில்லிமீட்டர் வருகிறது.

என் தொடக்கக் காலத்தில் இதே பிழையை நானும் செய்து, தேவையில்லாமல் ராஃப்டின் தடிமனைக் கூட்டினேன். அன்றிலிருந்து, தாங்குதிறனானாலும் மாடுலஸானாலும் அது மொத்த அழுத்தத்துக்கா நிகர அழுத்தத்துக்கா என்று எண்ணின் பக்கத்திலேயே எழுதித் தருமாறு கடிதத்தில் கேட்கிறேன். தோண்டியதால் மேலெழும்பிய மண் மீண்டும் அமுங்கும் அளவு, அந்த 50-இல் சேர்ந்ததா என்பதையும் நீங்கள் சொல்லிவிட்டால் நல்லது.

கேள்வி: என் வீட்டுச் சுவரில் சாய்வாக விரிசல் விட்டிருக்கிறது. ராஃப்ட் போட்டிருந்தால் வந்திருக்காது என்கிறார்கள். நானும் இந்தக் கடிதத்தை அனுப்பலாமா?

பதில்: இது புதிய ராஃப்டை வடிவமைப்பதற்கான கடிதம், உங்களுக்கு இப்போது பயன்படாது. விரிசலின் இரு முனைகளிலும் தேதியோடு குறியிட்டு, அகலத்தைச் சில மாதங்கள் அளந்து வாருங்கள். அது வளர்கிறதா, பருவத்துக்கேற்ப விரிந்து மூடுகிறதா என்று தெரிந்த பிறகு ஒரு பொறியாளரை நேரில் அழைத்துக் காட்டுங்கள்.

கேள்வி: நீர்மட்டம் துளையிட்ட அன்று 5 மீட்டரில் இருந்தது. எங்கள் ராஃப்ட் 3.5 மீட்டரில்தான் இருக்கிறது. கேட்க வேண்டியது ஏதும் உண்டா?

பதில்: உண்டு. அது அந்த ஒரு நாளின் அளவு. கட்டடத்தின் ஆயுளில் எதிர்பார்க்கத்தக்க உயர்ந்த மட்டத்தையும் தாழ்ந்த மட்டத்தையும் கேளுங்கள். ராஃப்ட் 0.9 மீட்டர் தடிமன் என்றால் அதன் எடை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 22 கிலோநியூட்டன். மேல்தளங்கள் எழும் முன், மழையில் நீர் தரைமட்டம் வரை ஏறினால் மேல்நோக்கிய அழுத்தம் 34, ராஃப்ட் கிளம்பிவிடும். எத்தனை தளம் எழுந்தபின் நீர் இறைப்பதை நிறுத்தலாம் என்பதை இருவரும் சேர்ந்து முடிவுசெய்து வரைபடத்தில் எழுத வேண்டும்.

கேள்வி: காற்று, நிலநடுக்கச் சுமைகளுக்கும் அதே மாடுலஸ்தானா?

பதில்: நீண்டகால அமிழ்விலிருந்து பெற்ற மதிப்பைச் சில நொடிச் சுமைக்குப் பயன்படுத்துவது, களிமண்ணில் குறிப்பாக, பொருந்தாது, குறுகிய காலச் சுமைக்கு மண் விறைப்பாக நடந்துகொள்ளும். எத்தனை மடங்கு என்பதில் நான் பணியாற்றிய ஆலோசகர்களிடையே ஒருமித்த கருத்து இருந்ததில்லை. ஒருவர் இரண்டு என்பார், இன்னொருவர் சிறுதிரிபுச் சோதனை செய்யாமல் எண்ணே தரமாட்டார். நான் தனி மதிப்பைக் கேட்டு எழுதுகிறேன். கிடைத்த மதிப்பைப் பாதியாகவும் இரட்டிப்பாகவும் வைத்துப் பார்த்து, கம்பியின் தேவை பெரிதாக மாறும் இடங்களை மட்டும் அவரோடு மீண்டும் பேசுகிறேன்.