பாஸ்வேர்டு கொடுக்காமலே பேஜைப் பார்ட் டைம் ஆளிடம் விடலாம்

கேள்வி: எங்கள் கடைக்கு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பார்க்க நேரம் இல்லை. பார்ட் டைமாக ஒருவரிடம் கொடுக்கலாமா? பாஸ்வேர்டு கொடுக்கப் பயமாக இருக்கிறது.

கொடுக்கலாம், ஆனால் பாஸ்வேர்டை யாருக்கும் தராதீர்கள். மண்டபத்தில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். முன்பு பேஜ் பார்த்தவர் அதைத் தன் பெயரிலேயே திறந்து வைத்துக்கொண்டு, கணக்குத் தீர்க்கும்போது "பேஜ் என்னுது" என்றார். அந்தக் கோபத்தில்தான் இந்தப் பதில்.

இப்போது பரமக்குடிப் பெண் ஒருவர் பார்க்கிறார், மாதம் ஆறாயிரம். பேஜும் இன்ஸ்டாகிராமும் என் பெயரில், இரண்டையும் ஒரே இடத்தில் நடத்தும் Meta Business Suite-க்குள் இருக்கின்றன. அங்கே Settings, People போய் அவருடைய மின்னஞ்சலுக்கு அழைப்பு அனுப்பினேன். அவர் தன் சொந்தக் கணக்கிலிருந்தே உள்ளே வருகிறார். அங்கே Full control என்று ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். பதிவு போட Content, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அறிய Insights, இந்த இரண்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். விலை பேசுவது என் வேலை என்பதால் Messages கொடுக்கவில்லை. நாளை அவர் விலகினால் பெயரை நீக்கினால் முடிந்தது. "சந்தேகப்படுகிறீர்களா?" என்று சிலர் கேட்பார்கள். கடைச் சாவியில் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கல்லாச் சாவியை நாம் வைத்துக்கொள்வதில்லையா, அதுதான்.

ஒன்று கவனியுங்கள். Content அனுமதி இருந்தால் அவரால் நேரடியாக வெளியிடவும் முடியும். ஒப்புதல் தானாக நடக்காது, நாம் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அவர் வரைவாகச் சேமித்துவிட்டு வாட்ஸ்அப்பில் எனக்குச் சொல்வார். படம், விலை, வாசகம் மூன்றையும் பார்த்துவிட்டு வெளியிடும் பொத்தானை நான்தான் அழுத்துவேன். நான் பார்க்காமல் விட்டால் பதிவு போகாது, தாமதம் என் கணக்கு.

இது ஏன் வேண்டும்? "ராமநாதபுரத்துக் கடல் செல்வம்" என்று ஒரு ரீல் வரைவில் வைத்திருந்தார். நெத்திலி, சீலா, திருக்கை எல்லாம் அழகு. நடுவில் இணையத்தில் எடுத்த ஒரு படம், தட்டு நிறையக் காய்ந்த கடல் அட்டை! 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தில் தடை செய்யப்பட்டது அது. நம் கரையில் அதற்காக எத்தனை பேரைப் பிடிக்கிறார்கள் என்பதைக் கடலோரத்தில் எல்லோரும் அறிவோம். பரமக்குடிக்காரருக்கு எப்படித் தெரியும்? "அண்ணே, அது ஏதோ வெள்ளரி மாதிரி இருந்துச்சு" என்றார். குற்றம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவருக்குத் தரும் குறிப்பில் இரண்டு வரிகள் நிரந்தரமாக ஏறின. கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் எதுவும் படத்தில் வரக்கூடாது. இணையத்துப் படம் கூடாது, என் கடையில் எடுத்ததுதான்.

குறிப்பு என்றால் பெரிய கட்டுரை வேண்டாம். எந்தச் சரக்கு, எவ்வளவு இருப்பு, என்ன விலை, எதைச் சொல்லக்கூடாது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். உதாரணத்துக்கு மே மாதக் குறிப்பு: "ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடை. 'இன்று காலை வந்தது' என்று எழுத வேண்டாம், தடைக்கு முன் காயவைத்த சரக்கு என்றே சொல்லவும். பெரிய திருக்கை இல்லை, காட்ட வேண்டாம்." இவ்வளவுதான். இதை எழுத ஒரு டீ குடிக்கும் நேரம் போதும், எழுதாமல் விட்டால் இல்லாத மீனைக் கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியே பொழுது போய்விடும்.

மாதக் கடைசியில் இருவரும் உட்கார்ந்து பார்ப்போம். அவர் Insights எண்களைக் கொண்டுவருவார், நான் ஆர்டர் நோட்டைக் கொண்டுவருவேன். புது ஆர்டர் ஒவ்வொன்றிலும் "எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டு எழுதி வைக்கிறேன். புதிய பாம்பன் பாலத்தின் நடுப்பகுதி மேலே தூக்கப்படும் காட்சியை வைத்துப் போட்ட ரீல்தான் அதிகம் பார்க்கப்பட்டது. நோட்டில் அதைச் சொல்லி வந்த ஆர்டர் ஒன்றுகூட இல்லை, பாலத்தைப் பார்த்தவர்கள் பாலத்தைத்தான் பார்த்தார்கள். நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, வெந்நீரில் போட்டு மணல் போக அலசும் வீடியோவைப் பார்த்தவர்கள் கொஞ்சம்தான், ஆனால் நோட்டில் அதன் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. மணல் பயம்தான் பலருக்கு வாங்கத் தடை என்று அப்போதுதான் பிடிபட்டது. அடுத்த மாதக் குறிப்பு அங்கிருந்தே பிறந்தது.

லைக் வராது என்று சிலர் கீழே வாதாடுவீர்கள். லைக்கை வைத்து நான் உப்பு வாங்க முடியாது, அவ்வளவுதான்.

அப்புறம், ஆர்டர் வந்தாலும் அனுப்புவது தனிப் பாடு. கருவாடு என்றாலே கூரியர்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்சலைத் திருப்பித் தள்ளுகிறார். மூன்று மடிப்பு கவரில் அடைத்தாலும் அதே கதை. பஸ்ஸில் ஏற்றித்தான் அனுப்புகிறேன். அதனால் பஸ் போகாத ஊர்க்காரர்களிடம் ஆர்டர் கேட்கும் பதிவு வேண்டாம் என்று இந்த மாதக் குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.