பிரமதேயம்: அரசர் எதைக் கொடுத்தார்?

கேள்வி: பிரமதேயம் என்றால் என்ன? அரசர்கள் பிராமணர்களுக்கு ஏன் ஊர்களைக் கொடுத்தார்கள்?

ஓர் ஊரின் வரி வருவாயை வேதம் ஓதும் பிராமணருக்கு நிரந்தரமாக விட்டுக்கொடுப்பதே பிரமதேயம். பெரும்பாலும் இது, வாடகை வீட்டில் குடியிருப்பவர் அப்படியே இருக்க, வாடகை மட்டும் வேறொருவர் கைக்குப் போவது போல.

8ஆம் நூற்றாண்டின் காசாக்குடிச் செப்பேடு நல்ல சான்று. இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் தன் 22ஆம் ஆட்சியாண்டில் கொடுகொள்ளி என்ற ஊரைச் சேட்டபாத சோமயாஜிக்குக் கொடுத்தான். ஊரின் பெயர் ஏகதீரமங்கலம் ஆயிற்று. ஆணை கிடைத்ததும் அந்த வட்டாரத்தின் பிரதிநிதிகளான நாட்டார் எல்லையைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டார்கள். செக்கு, தறி போன்றவற்றின் வரிகளும் அரசனுக்கு இனி இல்லை.

அரசனுக்கு என்ன லாபம்? பிராமணர்கள் செய்த வேள்வியும் சொன்ன புராண வம்சாவளியும் அவன் ஆட்சிக்குத் தகுதி தந்தன. பொருளாதாரப் பக்கம்தான் அதிகம் பேசப்பட வேண்டியது: இத்தகைய ஊர்களில் பிராமணர்களின் சபை உருவாகி, ஏரியையும் கோயில் நிலங்களையும் நிர்வகித்தது. உத்தரமேரூரில் ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியமே தனியாக இருந்தது. சபைக்கு வெளியே நின்ற உழுகுடிகளுக்கோ மேலே இன்னோர் அடுக்கு கூடியது.

காட்டைத் திருத்தத்தான் இவை தரப்பட்டன என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்கெனவே பயிரான ஊர்களும் கொடுக்கப்பட்டன, சில சாசனங்களோ முன்பிருந்த குடிகளை விலக்கி என்ற பொருளில் ‘குடி நீக்கி’ என்றே சொல்கின்றன.