பகல் ஒன்றரை மணிக்கு உச்சம்: எந்த இரவில் விழித்திருப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

2025 ஜெமினிட்ஸ் விண்கல் மழைக்கு, "உச்சம் டிசம்பர் 14, 08:00 யூ.டி." என்று படித்தேன். 14ஆம் தேதி, ஞாயிறு மாலை ஏழு மணிக்கே மொட்டைமாடியில் பாய் விரித்துப் பத்து மணிவரை பார்த்தேன். வானம் தெளிவாகத்தான் இருந்தது. மொத்தம் பத்துப் பன்னிரண்டுதான் கண்ணில் பட்டன. தேதியில் தவறிவிட்டேனா? கிரகணத்துக்கும் இதே கணக்குதானா? 2026இல் எந்த இரவு?

ச., தேனி

அன்புள்ள ச.,

தேதி சரி, இரவுதான் தவறு. யூ.டி. என்பது உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் நம் நேரம். 08:00 யூ.டி. என்பது நமக்கு 14ஆம் தேதி பகல் 1:30. வெயிலில் விண்கல் தெரியாது. ஆகவே அந்தப் பகலுக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு இரவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். "14ஆம் தேதி" என்று படித்ததும் பெரும்பாலானவர்கள் 14 மாலையைத்தான் நினைக்கிறார்கள். நாம் ஞாயிறு இரவு என்று சொல்வது திங்கள் விடியும்வரை நீள்கிறது. பஞ்சாங்கத்திலும் நாள் சூரிய உதயத்தில்தான் பிறக்கிறது. ஆனால் யூ.டி. தேதி நள்ளிரவில் மாறுகிறது, அதுவும் நம் நள்ளிரவில் அல்ல, நம் காலை ஐந்தரைக்கு. எனவே குறிப்பேட்டில் "14 இரவு" என்று எழுதாமல் "13 இரவு - 14 விடியல்" அல்லது "14 இரவு - 15 விடியல்" என்று இரண்டு தேதியும் போட்டு எழுதுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

இனி அந்த இரண்டு இரவில் எது என்பது. தேனியில் டிசம்பர் நடுவில் காலை ஐந்து மணி தாண்டியும் இருட்டு இருக்கும். 14 அதிகாலை 5 மணி என்பது உச்சத்துக்கு எட்டரை மணி நேரம் முந்தியது. நீங்கள் எழுந்து வந்த 14 இரவு 10 மணி, உச்சத்துக்கு எட்டரை மணி நேரம் பிந்தியது. கடிகாரப்படி இரண்டும் சமதூரம். அப்படியானால் ஒன்று ஏன் காலை வாரியது?

விண்கற்கள் எல்லாம் வானத்தில் ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வருவதுபோல் தோன்றும். அதைக் கதிர்ப்புள்ளி என்போம். ஜெமினிட்ஸுக்கு அது மிதுன ராசியில் காஸ்டர் விண்மீனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம் புனர்பூசத்தின் இரண்டு பிரகாசமான விண்மீன்களில் ஒன்று அது. தேனியில் அந்த நாட்களில் இந்தப் புள்ளி வடகிழக்கு அடிவானத்தைத் தாண்டி மேலே வருவதே இரவு ஏழே முக்கால் வாக்கில்தான். உங்கள் முதல் முக்கால் மணி நேரம் அதற்கு முன்பே கழிந்துவிட்டது. பத்து மணிக்கு அது சுமார் 27 பாகை உயரம். தெரியும் எண்ணிக்கை, உயரத்தின் சைன் மதிப்பையொட்டி அமையும். 27 பாகைக்கு அது 0.46. கதிர்ப்புள்ளி தலைக்கு மேல் இருந்தால் தெரிவதில் பாதிகூட இல்லை. அதுவும் நீங்கள் இறங்கிப் போகும் நேரத்துக் கணக்கு. எட்டு மணிக்கு ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. அதே புள்ளி அதிகாலை 2:15க்கு உச்சிக்குப் போய் 67 பாகையில் நிற்கிறது. ஐந்து மணிக்கும் 46 பாகை, சைன் 0.72.

இன்னொன்று, ஜெமினிட்ஸ் மெல்ல ஏறி, உச்சத்துக்குப் பின் அதைவிட வேகமாக இறங்கும் மழை. சம தூரத்தில் இரண்டு இரவுகள் வந்தால் முந்திய இரவுக்குத்தான் ஓட்டு. நிலவையும் பார்க்க வேண்டும். ஆனால் அன்று அது தேய்பிறை, இரண்டு இரவிலும் நள்ளிரவுக்குப் பிறகே எழுந்தது, பெரிய வித்தியாசம் செய்யவில்லை. ஆக, நீங்கள் படுத்திருக்க வேண்டியது 14 அதிகாலை 1 மணியிலிருந்து 5 மணிவரை.

நியூயார்க்கில் இருப்பவருக்கு அதே 08:00 யூ.டி., 14 அதிகாலை 3 மணி. இருட்டும் உச்சமும் உயரமும் ஒன்றாகக் கூடிய நேரம். அமெரிக்கத் தளங்கள் "13-14 இரவு" என்று போட்டது இதனால்தான். 2025இல் நமக்கும் அதே விடை வந்தது தற்செயல். அதை எல்லா ஆண்டுக்கும் நம்பி எடுக்கக் கூடாது.

அகலமான உச்சம் உள்ள மழைக்குத்தான் இப்படி "அருகில் உள்ள இரவு" பார்க்கலாம். ஜனவரித் தொடக்கத்தில் வரும் குவாட்ரான்டிட்ஸின் உச்சம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அது நம் பகலில் விழுந்தால் எந்த இரவைத் தேர்ந்தாலும் பயன் சொற்பம், அந்த ஆண்டை விட்டுவிடலாம்.

கிரகணத்துக்குக் கூட்டல் இதேதான், தேர்வு மட்டும் கிடையாது. சந்திர கிரகணம் பூமி முழுவதற்கும் ஒரே கணத்தில் நடக்கிறது. அந்தக் கணத்தில் நிலா நம் அடிவானத்துக்கு மேல் இருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. 2025 செப்டம்பர் 7 கிரகணத்தில் பகுதி கிரகணம் 16:27 யூ.டி.க்குத் தொடங்கி 19:56க்கு முடிந்தது. யூ.டி.யில் எல்லாம் ஒரே தேதி. நமக்குத் தொடக்கம் 7ஆம் தேதி இரவு 9:57. முடிவைக் கூட்டினால் 25:26 வரும். 24ஐத் தாண்டியதால் 24ஐக் கழித்துத் தேதியை ஒன்று ஏற்ற வேண்டும்: 8ஆம் தேதி 1:26. தேதியை ஏற்ற மறந்தால் ஒரு முழு நாள் பிசகும். 2026 மார்ச் 3 கிரகணம் வேறு வகை. முழு மறைப்பு 12:03 யூ.டி.க்கு, அதாவது மாலை 5:33க்கே முடிந்துவிட்டது. தேனியில் நிலா எழுந்ததோ ஆறரை வாக்கில். பகுதி கிரகணம் 6:47க்கு முடிய, கீழ்வானத்தில் மிஞ்சியது கால் மணி நேரம். ஆகவே அறிவிப்பில் உச்ச நேரத்தை மட்டும் மாற்றாமல் தொடக்கம், முடிவு இரண்டையும் மாற்றி, நிலா உதயத்தோடு வைத்துப் பாருங்கள்.

மனக்கணக்கில் சந்தேகம் இருந்தால் லினக்ஸில் இந்த ஒரு வரி போதும்:

```
TZ=Asia/Kolkata date -d '2026-12-14 14:00 UTC'
```

அந்த 14:00தான் 2026க்கான நேரம். பூமி அதே இடத்துக்குத் திரும்ப 365 நாளோடு கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் கூடுதலாக எடுப்பதால் உச்சம் ஆண்டுக்கு ஆறு மணி நேரம் தள்ளிப்போகிறது. லீப் ஆண்டு வந்தால் ஒரு நாள் பின்னுக்கு இழுக்கப்படும். ஆகவே 2026 உச்சம் நமக்கு டிசம்பர் 14, திங்கள் மாலை 7:30 வாக்கில். 14 விடியல் அதற்குப் பதினான்கரை மணி நேரம் முந்தியது. இம்முறை 14 இரவு - 15 விடியல்தான். ஆனால் ஏழரைக்கு மாடி ஏறாதீர்கள், கதிர்ப்புள்ளி அப்போது அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கும். வளர்பிறை நிலவும் பதினொரு மணிக்குள் மறைந்துவிடும். பதினொன்றுக்குப் போய் மூன்று மணிவரை இருங்கள்.